எஞ்சின் சூடாகியும் றேஸ் இறங்கவில்லையா? காற்று போகும் வழியைத் தேடுங்கள்

காலையில் காரை ஸ்ராட் செய்ததும் எஞ்சின் கொஞ்சம் உரத்து ஓடும். ஆர்.பி.எம். முள் 1300, 1400 என்று நிற்கும். அது பழுதில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலான காற்றும் பெற்றோலும் வேண்டும்; காரின் கம்பியூட்டர் அதைத் தெரிந்தே கொடுக்கிறது. எங்கள் ஊர்ச் சூட்டில் ஐந்தாறு நிமிடத்திலேயே ரேடியேற்றர்த் தண்ணீர் சூடாகிவிடும். முள்ளும் மெல்ல மெல்ல இறங்கி, அக்ஸிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐடில் வேகமான 700க்குக் கிட்ட வந்து நிற்கும். நிற்க வேண்டும்.

என் மச்சானின் கொரோலாவில் நிற்கவில்லை. 110 மாடல், ஓட்டோ கியர். இணுவிலில் இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் முள் 1800இலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கோண்டாவில் ரயில் கடவையில் கேற் மூடியிருக்கும்போது D-இல் வைத்துக்கொண்டு பிறேக்கை மிதித்தால், கயிற்றை இழுக்கும் மாடு மாதிரிக் கார் முன்னுக்குத் தள்ளுமாம். N-க்கு மாற்றினால் எஞ்சின் அலறும். திரும்ப D போட்டால் அடியில் 'டொக்' என்று ஓர் அடி. “பெற்றோலும் குடிக்குது மச்சான், பக்கத்தில நிக்கிறவன் திரும்பிப் பாக்கிறான்” என்று கொண்டுவந்து விட்டான்.

இந்தக் குறைக்கு வக்கியூம் லீக், திறொட்டில் பொசிஷன் சென்சர், ஐடில் வால்வு என்று மூன்று பேர் மேல் சந்தேகம் வரும். பலர் சந்தேகப்பட்ட வரிசைப்படியே சாமான்களை மாற்றிக்கொண்டு போவார்கள். அது தேவையில்லை. மூன்றையும் ஒரே கேள்விக்குள் அடக்கலாம்: கூடுதல் காற்று எந்த வழியால் உள்ளே போகிறது?

பெற்றோல் எஞ்சினின் வேகத்தைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. அக்ஸிலேற்றரை மிதிக்கும்போது நாங்கள் பெற்றோலைத் திறப்பதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரு கேபிள் இழுபட்டு, காற்று போகும் குழாயின் நடுவில் உள்ள ஒரு வட்டத் தகடு திரும்புகிறது. அதுதான் திறொட்டில். அது எவ்வளவு காற்றை விடுகிறதோ அதற்கு அளவாகக் கம்பியூட்டர் பெற்றோலைத் தெளிக்கிறது. காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். முழுதாக மூடினால் எஞ்சின் நின்றுவிடுமல்லவா? அதற்காகத் தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சிறிய ஒழுங்கை வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கையின் வாசலில் நிற்பதுதான் ஐடில் வால்வு. எஞ்சின் குளிராக இருந்தால் கம்பியூட்டர் அதைக் கூடத் திறக்கும், சூடானால் குறைக்கும், ஏசி போட்டால் மறுபடி கொஞ்சம் திறக்கும்.

ஆக, ஒழுங்கான காரில் காற்றுக்கு வழி இரண்டு: தகடும் ஒழுங்கையும். மூன்றாவது வழி கள்ள வழி. தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு ஹோஸ் வெடித்தோ, கஸ்கற் விட்டுப்போயோ காற்று நேரே உள்ளே போவது. ஐடிலில் ஓடும் எஞ்சின் தகட்டுக்கு அப்பால் பலமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் காற்றழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அங்கே இருக்கும். அதனால் ஒரு சிறு வெடிப்பும் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்துக்கொள்ளும். இதைத்தான் வக்கியூம் லீக் என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். ஓட்டையால் வெறும் காற்றுத்தானே போகிறது, பெற்றோல் போகவில்லையே? அப்படியானால் எஞ்சின் இளைத்துப்போக வேண்டுமே, ஏன் றேஸ் ஏறுகிறது? இதற்கு விடை உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்பதில் இருக்கிறது. சில கார்களில் காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில், உள்ளே போகும் காற்றை நேரே அளக்கும் சென்சர் இருக்கும். ஓட்டையால் போகும் காற்று அதைக் கடந்து போவதில்லை, எனவே கணக்கில் வராது. பெற்றோல் போதாமல் எஞ்சின் நடுங்கும், இடறும். சில வேளை றேஸ் கூடும், சில வேளை கூடாது. ஆனால் மச்சானின் 110 போன்ற கார்களில் காற்றை நேரே அளப்பதில்லை. தகட்டுக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் அளவைக் கணிக்கிறார்கள். காற்று கள்ள வழியால் வந்தாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். கம்பியூட்டருக்கு அது நல்ல வழியால் வந்த காற்றா கள்ளக் காற்றா என்று தெரியாது. அதற்கும் சேர்த்தே பெற்றோலைக் கொடுத்துவிடும். அதனால் எஞ்சின் நடுங்காமல், சீராக, நாங்கள் அக்ஸிலேற்றரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டிருப்பது போலவே உரத்து ஓடும். “லீக் இருந்தால் எஞ்சின் நடுங்கும், இது நடுங்கவில்லை, ஆகவே லீக் இல்லை” என்று சொல்லும் மெக்கானிக் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்.

இனி ரி.பி.எஸ்., அதாவது திறொட்டில் பொசிஷன் சென்சர். இது காற்றுக்கு வழியல்ல; தகடு எங்கே நிற்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்லும் ஆள். பழைய வானொலிப்பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மாதிரியான ஒன்று. தகட்டின் அச்சோடு சேர்ந்து திரும்பும். 5 வோல்ற் கொடுத்தால், தகடு மூடியிருக்கும்போது ஏறத்தாழ அரை வோல்ற்றைத் திருப்பிக் கொடுக்கும், முழுக்கத் திறந்தால் 4 வோல்ற் அளவுக்கு ஏறும். 110 போன்ற ரொயோட்டாக்களில் இதற்குள்ளேயே இன்னொரு சின்னத் தொடுகையும் உண்டு. தகடு முழுக்க மூடியதும் அது ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டினால்தான் “சாரதி காலை எடுத்துவிட்டார், இனி ஐடிலைப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு” என்று கம்பியூட்டர் எடுத்துக்கொள்ளும். ஒட்டாவிட்டால் கால் இன்னும் அக்ஸிலேற்றரில் இருப்பதாக நினைத்து, ஐடிலைக் குறைக்கும் வேலையைத் தொடங்கவே மாட்டாது.

இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. காலை எடுத்த பின் றேஸ் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். முள் ஓரிடத்தில் ஏறி அசையாமல் நிற்கிறதா, அல்லது 'ஊம்... ஊம்...' என்று ஏறி ஏறி இறங்குகிறதா?

ஏறி இறங்கினால் நடப்பது இதுதான். தகடு மூடியிருப்பது கம்பியூட்டருக்குத் தெரியும். ஆனால் ஆர்.பி.எம். 1600, 1700 என்று இருக்கிறது. சாரதி காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்துப் பெற்றோலை வெட்டிவிடும். வேகம் விழும். ஒரு மட்டத்துக்குக் கீழே வந்ததும் நின்றுவிடாமல் இருக்கப் பெற்றோலைத் திரும்பக் கொடுக்கும். கள்ளக் காற்று அங்கேயே இருப்பதால் வேகம் மறுபடி ஏறும். மறுபடி வெட்டும். ஆகவே இப்படி ஊளையிடும் காரில் ரி.பி.எஸ். பெரும்பாலும் நல்லாகவே இருக்கிறது. கூடுதல் காற்று எங்கிருந்தோ வருகிறது. அசையாமல் ஏறி நின்றால், கூடுதல் காற்றோடு, ரி.பி.எஸ். 'தகடு மூடவில்லை' என்றும் சொல்லிக்கொண்டிருக்கலாம். லீக் சிறிதாக இருந்து ஆர்.பி.எம். பெற்றோல் வெட்டும் மட்டத்துக்கு எட்டாவிட்டாலும் அசையாமல்தான் நிற்கும் என்பதால், 1000, 1100இல் நிற்கும் காருக்கு இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். மச்சானின் கார் 1800இல் ஆணி அடித்தது போல நின்றது.

சரி, வேலையைத் தொடங்கினோம். காரை P-இல் விட்டு ஹான்ட்பிறேக் இழுத்தாச்சு. முதலில் காசு செலவில்லாத ஒன்று: அக்ஸிலேற்றர்க் கேபிள். திறொட்டில் பக்கத்தில் கேபிளை விரலால் தூக்கிப் பார்த்தால் சிறு தொய்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் தகடு முழுக்க மூடாது. கால் விரிப்பு மடிந்து பெடலுக்குக் கீழே சிக்கியிருந்தாலும் இதே கூத்துத்தான். இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்து, பெருவிரல் சோதனை. காற்று வடிகட்டியிலிருந்து திறொட்டிலுக்கு வரும் பெரிய ரப்பர்க் குழாயைக் கழற்றினால் வட்டத் தகடு நேரே கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னால், குழாயின் சுவரில் விரல் நுழையக்கூடிய ஓர் ஓட்டை இருக்கும். அதுதான் நான் சொன்ன ஒழுங்கையின் வாய். எஞ்சின் ஓடும்போது பெருவிரலால் அதை அடைக்க வேண்டும். (காற்றை நேரே அளக்கும் சென்சர் உள்ள கார்களில் இப்படிச் செய்ய முடியாது. குழாயைக் கழற்றிய உடனேயே அளவு குழம்பி எஞ்சின் நின்றுவிடும்.) அடைத்ததும் எஞ்சின் வேகம் இழந்து நிற்கப் போனால், கூடுதல் காற்று ஒழுங்கையால் வருகிறது, குற்றவாளி ஐடில் வால்வு, அல்லது அதைத் திறந்துவைக்கும் ஏதோ ஒன்று. அடைத்தும் பெரிதாக இறங்காவிட்டால் வால்வை விட்டுவிடலாம்.

மச்சானின் காரில் 1800இலிருந்து 1650க்கு இறங்கியது. அவ்வளவுதான். ஒழுங்கையை முழுக்க மூடியும் 1650 என்றால், மிச்சக் காற்று தகட்டால் வருகிறது, அல்லது கள்ள வழியால் வருகிறது. ஐடில் வால்வுக்கு விலை கேட்டு ஸ்ரான்லி வீதிக்குப் போக இருந்தவனை மறித்துவிட்டேன்.

தகட்டைப் பார்த்தேன். அதன் நெம்புகோல் வந்து முட்டும் இடத்தில் ஒரு சின்ன ஸ்குறூ உண்டு. தகடு குழாய்ச் சுவரில் போய் இறுகிவிடாமல் தாங்குவது மட்டுமே அதன் வேலை. கொம்பனியிலேயே ஒழுங்கு செய்து பூட்டி விடுவார்கள். இங்கே அதன் பூட்டு நட்டில் குறடு வழுக்கிய கீறல் பளிச்சென்று மின்னியது. “இதை ஆர் திருப்பினது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: இரண்டு மாதத்துக்கு முன் ஏசி போட்டால் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று ஒரு கராஜுக்குக் கொண்டுபோனானாம். அங்கே இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்களாம்.

இரண்டு நிமிடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். தகட்டின் விளிம்பிலும் ஒழுங்கைக்குள்ளும் கரி படிந்து காற்று குறைந்திருக்கும். அதைத் துடைக்காமல், ஸ்குறூவைத் திருப்பித் தகட்டைக் கொஞ்சம் திறந்து விட்டிருப்பார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்குகிறது. கார்பரேற்றர்க் காலத்தில் ஐடில் என்பதே ஒரு ஸ்குறூதான். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத நாளில், ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஏ40, மொறிஸ் மைனர்களை ஓட்டிய ஊர் இது. அந்தக் கார்களை அந்த ஸ்குறூவும் ஒரு நல்ல காதும் காப்பாற்றின. அந்தக் கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பியூட்டர் உள்ள காரில் அதே திருப்பு இரண்டு கெடுதல் செய்கிறது. காற்று கூடுகிறது, கூடவே தகடு முழுக்க மூடாததால் ரி.பி.எஸ்.ஸின் தொடுகையும் ஒட்டாமல் போகிறது.

அது உண்மைதானா என்று மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தேன். ரி.பி.எஸ். பிளக்கில் நாலு வயர். பிளக்கைக் கழற்றாமல், வயர் நுழையும் பின்பக்கத்தால் மெல்லிய குண்டூசியை விட்டு அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தி ஓட்டை போடக் கூடாது, எங்கள் உப்புக் காற்றுக்கு அந்த ஓட்டையால் செம்பு பச்சை பிடித்துவிடும். சாவியை ஓன் செய்து, எஞ்சினை ஓட்டாமல் பார்த்தால் ஒரு வயரில் நிலையாக 5 வோல்ற், ஒன்றில் பூச்சியம். தகட்டைத் திருப்பத் திருப்ப மாறும் மூன்றாவது வயர் 0.8 வோல்ற் காட்டியது. அரைக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டும். நாலாவது, தொடுகையின் வயர். தகடு மூடியிருக்கும்போது பூச்சியத்துக்கு விழ வேண்டியது, 12 வோல்ற்றிலேயே நின்றது. கால் இன்னும் அக்ஸிலேற்றரில் இருக்கிறது என்று கம்பியூட்டர் நம்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வயரைப் பார்த்தபடி தகட்டை மெல்ல முழுக்கத் திறந்து மூடினேன். வோல்ற் இடையில் விழாமல் துள்ளாமல் சீராக ஏறி இறங்கியது. சென்சர் நல்லது. இப்படிப் பார்க்க முள் ஆடும் பழைய மீற்றர்தான் வசதி. இலக்கம் காட்டும் மீற்றரில் ஒரு கணத் துள்ளல் கண்ணில் படாமல் போய்விடும்.

எஞ்சினை ஆறவிட்டுத் தகட்டையும் சுற்றியிருந்த கரியையும் கார்ப் கிளீனரும் பழைய பல்துலக்கியும் கொண்டு சுத்தம் செய்தோம். ஸ்குறூவை நன்றாகப் பின்னுக்கு எடுத்து, தகடு தானாக முழுக்க மூட விட்டு, ஸ்குறூ நுனி மட்டுமட்டாகத் தொடும்வரை திருப்பி, அதன் பிறகு அரைக்கால் சுற்று மட்டும் கூட்டிப் பூட்டினேன். மீற்றர் 0.5 காட்டியது. தொடுகை வயரும் பூச்சியத்துக்கு வந்தது.

ஸ்ராட் செய்தோம். சூடாகும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. சூடானதும் கார் 'ஊம்... ஊம்...' என்று ஊளையிடத் தொடங்கியது. முள் 1100க்கும் 1700க்கும் இடையில் ஊஞ்சல் ஆடுகிறது. மச்சானின் முகம் கறுத்துவிட்டது. “முந்தி சும்மா சத்தம் மட்டும்தான் போட்டது. இப்ப பேய் பிடிச்ச மாதிரி ஆடுதடா!”

எனக்கோ சந்தோஷம். கார் இப்போது உண்மை பேசுகிறது. தகடு மூடியிருப்பதைக் கம்பியூட்டர் ஒத்துக்கொண்டுவிட்டது, அதனால்தான் பெற்றோலை வெட்டுகிறது. தகட்டு வழி மூடியாச்சு. பெருவிரல் சோதனையை மறுபடி செய்தேன். ஒழுங்கையை அடைத்தும் ஊஞ்சல் நிற்கவில்லை. மிச்சம் ஒரே வழிதான், கள்ள வழி.

கள்ள வழியைத் தேட மூக்குக் குறட்டின் பற்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தகட்டுக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு ஹோஸையும், எஞ்சின் பக்கத்து நுனிக்குக் கிட்டவாக நசித்துப் பார்க்க வேண்டும். நசித்ததும் சத்தம் விழுந்தால் காற்று அந்த ஹோஸால், அல்லது அது போய்ச் சேரும் இடத்தால் வருகிறது. முதலில் பிறேக் பூஸ்ரருக்குப் போகும் தடித்த ஹோஸ்: மாற்றமில்லை. பூஸ்ரர் பழுதானால் பிறேக்கை மிதிக்கும்போது காலடியில் 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும், மிதிக்க மிதிக்க எஞ்சின் வேகமும் மாறும், அதுவும் இல்லை. இரண்டு மெல்லிய ஹோஸ்கள்: இல்லை. நாலாவது, எஞ்சினின் மேல்மூடியிலிருந்து உள்ளிழுக்கும் குழாய்க்கு எண்ணெய்ப் புகையைக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸ். நசித்த அந்தக் கணமே ஊஞ்சல் நின்று, முள் தடக்கென்று விழுந்தது. நல்ல எஞ்சினிலும் இந்த ஹோஸை நசித்தால் சத்தம் ஒரு சொட்டுக் குறையும், அதைக் கண்டு ஏமாறக் கூடாது. இங்கே விழுந்தது ஒரு சொட்டில்லை.

மேலிருந்து பார்க்க ஹோஸ் புதிது போலவே இருந்தது. ஃபோன் கமராவைக் கீழே விட்டுப் படம் எடுத்துப் பார்த்தோம். வளைவின் அடிப்பக்கத்தில், நுனிக்குச் சற்று முன்னால், சின்னவிரல் நகத்தளவு நீளத்துக்கு ரப்பர் வாயைப் பிளந்திருந்தது. வருடக்கணக்கில் எண்ணெய் ஆவி உள்ளே ஊறி ரப்பர் வெல்லம் போல இளகிப்போகும். வெளியே பொனற்றுக்குள் இருக்கும் சூடு அதைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது அந்தப் பிளவு இன்னும் அகலும். மீன்தொட்டி ரியூப், தண்ணீர்ப் பைப் என்று எதையாவது வெட்டிப் போட வேண்டாம். எண்ணெய்க்கும் உறிஞ்சலுக்கும் தாங்கும் தடித்த ரப்பராக இருக்க வேண்டும். வளைவான ஹோஸுக்குப் பதிலாக நேர் ஹோஸை மடித்துச் சொருகினாலும் மடிப்பில் மூடிக்கொள்ளும்.

புது ஹோஸோடு முள் 700க்கு வந்து நின்றது. ஏசி போட்டால் கொஞ்சம் ஏறி, நிறுத்தினால் இறங்கியது. கடைசியாக ஐடில் வால்வையும் சோதித்துவிடலாம் என்று, பொனற்றுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தில் TE1, E1 என்று குறித்திருக்கும் இரண்டு துளைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தேன். எஞ்சின் சூடாக ஓடும்போது இப்படி இணைத்தால் கம்பியூட்டர் வால்வைத் தானே அசைத்துக் காட்டும்: ஏறத்தாழ 5 விநாடிக்கு 1000க்கு மேல் ஏறி, பிறகு ஐடிலுக்குத் திரும்ப வேண்டும். ஏறியது, திரும்பியது. வால்வு உயிரோடு இருக்கிறது. துளை மாறிக் குத்தினால் ஏதாவது கருகிவிடும் என்பதால் எழுத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் குத்துங்கள்.

இதே இரண்டு துளைகளையும் எஞ்சின் ஓடாமல், சாவி ஓனில் இருக்கும்போது இணைத்தால், செக் எஞ்சின் விளக்கு கண்ணடித்துப் பழுது இலக்கம் சொல்லும். நாலு தரம் அடித்து, சற்று நின்று ஒரு தரம் அடித்தால் 41, ரி.பி.எஸ்.; இரண்டும் இரண்டுமாக 22 என்றால் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சர். மச்சானின் காரில் எதுவும் வரவில்லை, விளக்கு ஒரே சீராகக் கண்ணடித்தது. வயர் அறுந்தாலோ ஷோட் ஆனாலோதான் 41 வரும். ஸ்குறூவைத் திருப்பியதும் ஹோஸ் வெடித்ததும் அதற்குத் தெரியாது. 'கம்பியூட்டர் செக்' செய்து ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெருவிரலால் அடைத்ததும் சத்தம் விழும் காருக்கு வேறு கதை. வால்வு கரி பிடித்துத் திறந்தபடி இறுகியிருக்கலாம். கழற்றி, அதே கிளீனரால் கழுவினால் பல வேளை சரிவரும். ஆனால் எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வரும் தண்ணீர் கேத்தலின் அடியில் எப்படி வெள்ளைப் படை கட்டுகிறதோ, அப்படியே எஞ்சினுக்குள்ளும் கட்டும். திறொட்டிலின் அடிக்கு விரல் தடிப்பில் இரண்டு தண்ணீர் ஹோஸ்கள் போகும். அடைபட இதைவிட வசதியான இடம் வேறில்லை. சில பழைய ரொயோட்டாக்களில் குளிருக்குக் கூடுதல் காற்று விடும் சின்ன வழியை ஒரு மெழுகுக் கட்டிதான் மூடுகிறது. சூட்டுத் தண்ணீர் பட்டால் மெழுகு விரிந்து வழி மூடும். தண்ணீர் அங்கே வராவிட்டால், எஞ்சின் கொதித்தாலும் மெழுகுக்கு விடிந்தது தெரியாது. ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்து அந்த இடத்தில் காற்றுக் குமிழி நின்றாலும் இதேதான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு ஹோஸ்களையும் துணியோடு தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் அடைப்பு. ரேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். கையை உள்ளே விடும்போது மின்விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சூடு பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 'சூடேறுது' என்று யாராவது தேர்மோஸ்ராற்றையே கழற்றி எறிந்திருந்தால், வவுனியாவுக்கு நீட்டாக ஓடும் வழியில் காற்றடித்துத் தண்ணீர் குளிர்ந்துபோகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே கம்பியூட்டர் நினைத்து ஐடிலைத் தூக்கி வைத்திருக்கும். அந்தக் காரில் பழுது ஒன்றுமில்லை, ஒரு சாமான் குறைகிறது. 22ஆம் இலக்கச் சென்சர் பொய் சொன்னாலும் விளைவு அதுவே. சூடான எஞ்சினில் அதன் பிளக்கைக் கழற்றி இரண்டு காலுக்கும் இடையில் அளந்தால் 200 முதல் 400 ஓம் அளவில் இருக்க வேண்டும். 2000 ஓம் காட்டினால் அது இன்னும் காலைக் குளிரிலேயே நிற்கிறது.

லீக் தேட கார்ப் கிளீனரை ஓடும் எஞ்சினில் விசிறுவதைப் பலர் செய்வார்கள். ஓட்டையில் பட்டதும் சத்தம் மாறும் என்பது சரிதான். ஆனால் சூடான சைலன்ஸர்க் குழாய்க்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் சாமான். முடி வெட்டும் கடையில் இருப்பது போன்ற ஸ்பிறே போத்தலில் தண்ணீரை நிரப்பி, ஹோஸ் மூட்டுகளிலும் கஸ்கற் ஓரத்திலும் புகாராக விசிறினாலும் போதும். ஓட்டை தண்ணீரை இழுக்கும் கணத்தில் சத்தம் தடுமாறும். பிளக் வயர்கள் பக்கம் மட்டும் விசிற வேண்டாம்.

இதெல்லாம் கேபிள் உள்ள கார்களுக்கு. இப்போது வீதியில் கூடுதலாகக் காணும் வகன் ஆர், விற்ஸ், அக்ஸியோ போன்ற புதிய மாடல்களில் தகட்டையே ஒரு மோட்டார் திருப்புகிறது. தனியாக ஐடில் வால்வும் ஒழுங்கையும் இல்லை, பெருவிரலுக்கு வேலையுமில்லை. அவற்றில் ஸ்கானரைக் கொழுவினால் P0507 என்று வரக்கூடும்: ஐடில் இருக்க வேண்டியதைவிடக் கூட. அது குறையின் பெயர்தான், காரணமல்ல. கள்ள வழியை அங்கேயும் ஹோஸ் ஹோஸாகத்தான் தேட வேண்டும். திறொட்டிலைச் சுத்தம் செய்த அன்றைக்கே, அல்லது பற்றரியைக் கழற்றிப் போட்ட அன்றைக்கே றேஸ் ஏறியிருந்தால் மட்டும் ஒரு ஹோஸையும் தொட வேண்டாம். கரியோடு பழகிய கம்பியூட்டர் பழைய கணக்கிலேயே தகட்டைத் திறக்கிறது, அல்லது கணக்கையே மறந்துவிட்டது. அந்த மாடலுக்கு உரிய முறைப்படி ஐடிலைத் திரும்பப் படிப்பித்தால் இறங்கிவிடும். அந்தத் தகட்டைச் சுத்தம் செய்யும்போது சாவி ஓனில் இருக்க, விரலால் தள்ளித் திறக்க வேண்டாம். மோட்டார் பிடித்திருக்கும் தகட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் பல்சில்லு உடையும், பிறகு திறொட்டில் முழுவதையும்தான் வாங்க வேண்டிவரும்.